புள்ளி, மாங்காய், பொடிப்பூ, சிறுத்தை: துணி அச்சை அளந்து எழுதும் முறை

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் அச்சுப் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்பினேன். "நேவி புளூ காட்டன், வெள்ளைப் புள்ளி, புள்ளி 8 மி.மீ., இடைவெளி 20 மி.மீ." எண்ணெல்லாம் போட்டுத் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். வந்து இறங்கிய துணியில் புள்ளிகள் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு. நேவி புளூவே வெளுத்துப் போன மாதிரி தெரிந்தது. ஸ்கேலை வைத்து அளந்தால் புள்ளி 8 மி.மீ., இடைவெளி 20 மி.மீ. பட்டறைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒவ்வொரு நான்கு புள்ளிக்கும் நடுவில் இன்னொரு புள்ளி வைத்திருந்தார், அவ்வளவுதான். அதை வைக்கக் கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

துணி வாங்கி விற்பவர்கள், தையல் கற்றுக்கொள்பவர்கள், இணையத்தில் துணிக்கு விவரம் எழுதுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு தடவையாவது இடறுவார்கள். "பெரிய புள்ளி", "சின்னப் பூ" என்று எழுதினால் படிப்பவர் மனசில் வேறொன்று வந்து நிற்கும். ஓர் அச்சைச் சொல்ல மூன்று விஷயம் வேண்டும்: உரு எவ்வளவு பெரியது, உருவுக்கும் உருவுக்கும் நடுவில் எவ்வளவு, முழு டிசைன் எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது. மூன்றாவதைத் தொழிலில் ரிப்பீட் என்பார்கள். நான்கு வகை அச்சிலும் கேள்வி இந்த மூன்றேதான். ஆனால் எது முக்கியம் என்பது வகைக்கு வகை மாறும்.

அளப்பதற்கு முன்

துணியை மேசையில் இழுக்காமல் விரியுங்கள். பின்னல் துணியாக இருந்தால் விரித்துப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சுருட்டில் இழுபட்டிருந்தது தளர்ந்த பிறகு அளந்தால்தான் அந்த எண் நிற்கும். 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, டேப் ஒன்று, ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. பொட்டு எதற்கென்று ரிப்பீட் பகுதியில் சொல்கிறேன்.

நீளவாக்கு எது, பன்னாவாக்கு எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கரை ஓடும் திசை நீளம், ஒரு கரையிலிருந்து எதிர்க்கரை வரை பன்னா. துண்டுத் துணியில் கரையே இல்லை என்றால் இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நெய்த துணி பெரும்பாலும் பாவு ஓடும் நீளவாக்கில் குறைவாகவும் ஊடைவாக்கில் கொஞ்சம் கூடுதலாகவும் இளகிக் கொடுக்கும். இனி எழுதும் எல்லா எண்ணுக்கும் "நீளவாக்கில்" அல்லது "பன்னாவாக்கில்" என்ற சொல் கூடவே வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண் பாதி எண்தான்.

புள்ளி

போல்கா டாட் என்ற பெயர் 19-ஆம் நூற்றாண்டு நடுவில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆட்டிவைத்த போல்கா நடன மோகத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சமயத்தில் எதை விற்றாலும் போல்கா என்று பெயர் வைத்தார்கள். புள்ளி போட்ட துணிக்கு மட்டும் பெயர் நிலைத்துவிட்டது.

வியாபாரத்தில் அளவைப் பொறுத்துப் பெயர்கள் உண்டு. ஊசிக்குண்டுத் தலை அளவு இருந்தால் பின் டாட். மாத்திரை அளவில் இருந்தால் ஆஸ்பிரின் டாட். நாணயம் அளவுக்கு வந்தால் காயின் டாட். இந்தப் பெயர்களுக்குக் கறாரான எல்லை கிடையாது. ஒரு கடையின் ஆஸ்பிரின் இன்னொரு கடையின் காயின். அதனால் பெயரை எழுதினாலும் விட்டத்தை மி.மீ.யில் சேர்த்தே எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு எழுதும்போது நான் சமையலறைக்குப் போய்விடுவேன். கடுகு என்றால் 2 மி.மீ. பக்கம், மிளகு என்றால் 5 மி.மீ. பக்கம். 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ. இந்த மூன்றும் எந்த வீட்டிலும் கைக்கெட்டும்.

இனி என் ஆர்டருக்கு வருவோம். "புள்ளி 8, இடைவெளி 20" என்பதற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று பிறகு உட்கார்ந்து வரைந்து பார்த்தேன்.

நான் நினைத்தது, ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்த புள்ளியின் மையத்துக்கு 20 மி.மீ., வரிசைக்கு வரிசையும் 20 மி.மீ., எல்லாம் நேருக்கு நேர். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்று போட்டால் உள்ளே 25 புள்ளி வரும். துணிப்பரப்பில் சுமார் 12.5 சதவீதம் வெள்ளை.

பட்டறைக்காரர் புரிந்துகொண்டதும் மையத்துக்கு மையம் 20 மி.மீ.தான். ஆனால் அடுத்த வரிசை 10 மி.மீ. கீழேயே வந்துவிடுகிறது, அதுவும் பக்கவாட்டில் 10 மி.மீ. தள்ளி. அதே சதுரத்தில் 50 புள்ளி. வெள்ளை 25 சதவீதம்.

மூன்றாவதாக ஒருவர், இடைவெளி என்றால் ஒரு புள்ளியின் விளிம்பிலிருந்து அடுத்ததன் விளிம்பு வரை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது மையத்துக்கு மையம் 28 மி.மீ. ஆகிறது. நேர் வரிசையில் வைத்தால் சதுரத்தில் 13 புள்ளிதான் தேறும்.

எழுதியது அதே இரண்டு எண். துணியோ மூன்று: 13, 25, 50.

இதற்குத் தீர்வு நம் வாசலிலேயே இருக்கிறது. கோலப் புத்தகத்தில் "15 புள்ளி, 15 வரிசை, நேர்ப்புள்ளி" என்றோ "15-இல் தொடங்கி 8 வரை, இடைப்புள்ளி" என்றோ போட்டிருப்பார்கள். நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. இடைப்புள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு நடுவில் கீழ்வரிசைப் புள்ளி. சில ஊர்களில் ஊடுபுள்ளி என்பார்கள். துணிக்கும் அப்படியே எழுதலாம். இன்று நான் எழுதும் வரி இது:

"புள்ளி விட்டம் 8 மி.மீ. வரிசைக்குள் மையத்துக்கு மையம் 20 மி.மீ. வரிசைக்கு வரிசை 20 மி.மீ. நேர்ப்புள்ளி. 10 செ.மீ. சதுரத்தில் 25 புள்ளி."

கடைசி எண்தான் காவல்காரன். இரண்டு இடைவெளியில் எதையாவது மாற்றிப் புரிந்துகொண்டிருந்தால் 25 வராது, அப்போதே போன் வந்துவிடும்.

நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்பதை அழகுக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். நேர்ப்புள்ளி கண்ணுக்குக் கட்டம் போட்ட துணி மாதிரி படும். அச்சடிக்கும்போது துணி கொஞ்சம் கோணிப் போயிருந்தாலும் பாவாடை மடிப்பில் வரிசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குவது பளிச்சென்று தெரியும். இடைப்புள்ளியில் கண் சாய்வுக் கோடுகளில் ஓடுவதால் சின்னக் கோணல் மறைந்துவிடும். நேர்ப்புள்ளி வாங்குபவர்கள் கடையிலேயே துணியை ஊடை நூல் ஒன்றின் வழியாகப் பன்னாவாக்கில் மடித்துப் பாருங்கள். மடிப்பு விளிம்பை ஒட்டி ஒரே வரிசை கடைசி வரை வந்தால் சரி. பாதி வழியில் மேல் வரிசை எட்டிப் பார்த்தால் அந்தத் தானை விட்டுவிடுவது நல்லது. தைத்த பிறகு அதைச் சரிக்கட்ட வழியே கிடையாது.

மாங்காய்

நாம் மாங்காய் என்கிறோம், பாரசீகத்தில் போத்தே, ஆங்கிலத்தில் பெய்ஸ்லி. காஷ்மீர் சால்வைகளில் இருந்த இந்த உருவை 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊரில் தறியில் நெய்து குவித்தார்கள். உரு ஆசியாவில் பிறந்தது, பெயர் ஸ்காட்லாந்து ஊருக்குப் போய்விட்டது.

மாங்காயில் அளவு எழுதும்போது எல்லோரும் செய்யும் பிழை, வளைவோடு டேப்பை ஓட்டி அளப்பது. வேண்டாம். அடிவயிற்றின் கடைக்கோடியிலிருந்து வால் நுனி எட்டும் உச்சி வரை நேர்கோட்டில் அளங்கள், பிறகு அகலமான இடத்தில் குறுக்கே அளங்கள். மாங்காய் அச்சில் ஒரே அளவு உரு அபூர்வம். பெரிய மாங்காய், அதன் மடியில் குட்டி மாங்காய், சந்துகளில் கொடியும் இலையும் இருக்கும். "மாங்காய் 9 செ.மீ." என்று மட்டும் எழுதினால் வெற்றுத் தரையில் ஒற்றை மாங்காய் நிற்கும் துணி என்று நினைத்துவிடுவார்கள். "பெரிது 9 செ.மீ.க்கு 5, குட்டி 3 செ.மீ., இடையெல்லாம் கொடி நிரப்பு, தரை ஏறக்குறைய தெரியாது" என்று எழுதினால் துணி கண் முன்னே வரும்.

அடுத்தது திசை. வால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா, ஒரு வரிசை மேலே ஒரு வரிசை கீழே என்று மாறுகிறதா, இறைத்துவிட்ட மாதிரி எல்லாப் பக்கமும் கிடக்கிறதா? ஒரே பக்கம் என்றால் வெட்டும்போது எல்லாத் துண்டையும் ஒரே திசையில் போட வேண்டும். முன்பக்கத்தைத் தலைகீழாக வைத்துத் துணியை மிச்சம் பிடிக்கும் வித்தை இங்கே செல்லாது. முன்பக்கம் வால் மேலே, பின்பக்கம் வால் கீழே என்று ஒரு குர்தா ஒரு முறை என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது ரிப்பீட். ஸ்டிக்கர் பொட்டை எடுங்கள். துணியில் கொஞ்சம் விசேஷமான ஒரு மாங்காயைத் தேர்ந்தெடுத்து அதன் வால் நுனியில் ஒரு பொட்டு. அங்கிருந்து கரைக்கு இணையாக நேர் கீழே இறங்கி, அதே மாங்காய் திரும்ப வரும் இடத்தில், அதே வால் நுனியில் இன்னொரு பொட்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நீளவாக்கு ரிப்பீட்.

"அதே மாங்காய்" என்ற சொல்லில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. என்னிடம் ஒரு ரேயான் துணி இருந்தது. மாங்காய் 16 செ.மீ.யில் திரும்ப வந்தது, எழுதியும் விட்டேன். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் முதல் மாங்காயின் வயிற்றில் இருந்த பூ குங்கும நிறம், இரண்டாவதில் இருந்தது காவி. மூன்றாவதில்தான் குங்குமம் திரும்பியது. உண்மையான ரிப்பீட் 32 செ.மீ. அதனால் பொட்டு வைத்த உருவை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றியிருக்கும் மூன்று உருக்களும் நிறத்தோடு அப்படியே ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். உறவுக்காரர் கூட்டத்தில் ஆளை அடையாளம் பிடிக்கிற மாதிரிதான். முகம் ஒன்றாக இருந்தால் போதாது, பக்கத்தில் யார் நிற்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

பன்னாவாக்கிலும் இதைச் செய்யுங்கள். முதல் பொட்டிலிருந்து ஊடை நூல் திசையில் பக்கவாட்டில் போங்கள். அதே மாங்காய் அதே மட்டத்தில் வந்தால் அது நேர் ரிப்பீட். பாதி ரிப்பீட் இறங்கி வந்தால் ஹாஃப் டிராப். கோல மொழியில் இதுவும் இடைப்புள்ளிதான், புள்ளிக்குப் பதில் முழு டிசைனே பாதி இறங்கி நிற்கிறது. என் ரேயானில் அடுத்த பத்தி 20 செ.மீ. தள்ளி, 16 செ.மீ. கீழே இருந்தது. எழுதும் வரி: "ரிப்பீட் நீளவாக்கில் 32 செ.மீ., பத்திக்குப் பத்தி 20 செ.மீ., ஹாஃப் டிராப்."

அளந்து வந்த எண் சரிதானா என்று சோதிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. மில் அச்சுத் துணியில் பெரும்பகுதி ரோட்டரி ஸ்கிரீனில் அடித்தது. டிசைன் துளையிட்ட உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், துணி அடியில் ஓடும். பரவலாக இருக்கும் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. உருளை ஒரு சுற்று முடித்ததும் டிசைன் பிசிறில்லாமல் தொடர வேண்டுமென்றால் நீளவாக்கு ரிப்பீட் 64-ஐ மிச்சமில்லாமல் வகுக்க வேண்டும். 64, 32, 21.3, 16, 12.8 என்றுதான் வரும். 31.4 என்று அளந்தீர்கள் என்றால் அநேகமாக அது 32-ஆகப் பிறந்து, துணி சுருங்கியதில் குறைந்தது. 27 என்று வந்தால் முதலில் திரும்ப அளங்கள். அப்போதும் 27 என்றால் வேறு சுற்றளவு உருளையாகவோ டிஜிட்டல் அச்சாகவோ இருக்கலாம். டிஜிட்டலுக்கு உருளைக் கட்டுப்பாடு இல்லை. கையால் அடிக்கும் மரக்கட்டை அச்சில் கட்டையின் அளவே ரிப்பீட். கட்டைக்குக் கட்டை ஓரிரு மி.மீ. விலகும். அதைக் குறையாக எழுதாமல், விலகும் என்று மட்டும் எழுதினால் போதும்.

ரிப்பீட்டை எதற்கு இவ்வளவு மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்? துணி எத்தனை மீட்டர் வாங்குவது என்பது அதில் இருக்கிறது. 110 செ.மீ. நீளத்தில் முன்துண்டு ஒன்று, பின்துண்டு ஒன்று. டிசைன் பொருந்த வேண்டாம் என்றால் 220 செ.மீ. போதும். பக்கத் தையலில் மாங்காய் மட்டம் பொருந்த வேண்டுமென்றால், முதல் துண்டு எந்த இடத்தில் தொடங்கியதோ டிசைனின் அதே இடத்தில்தான் இரண்டாவதும் தொடங்க வேண்டும். 32 செ.மீ. ரிப்பீட்டில் 110-ஐத் தாண்டி வரும் முதல் அந்த இடம் 128. ஆக 128-உம் 110-உம் சேர்த்து 238 செ.மீ. ரிப்பீட் 16 செ.மீ. ஆக இருந்திருந்தால் 112-லேயே தொடங்கலாம், 222 செ.மீ. போதும். கடைக்காரர் "மேட்சிங் வேணும்னா கால் மீட்டர் சேர்த்து வாங்குங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். சில ரிப்பீட்டுக்குக் கால் மீட்டர் அதிகம், சிலதுக்குப் போதவே போதாது.

பொடிப்பூ

டிட்ஸி என்று இணையத்தில் எழுதுவதைக் கடையில் பொடிப்பூ, சின்னப் பூ என்பார்கள். லண்டனின் லிபர்ட்டி கடை தன் டானா லான் காட்டனில் இந்த வகையை உலகப் புகழாக்கியது. எத்தியோப்பியாவின் டானா ஏரியின் பெயர்தான் அந்தத் துணிக்கு. பூ சின்னதாக இருந்தால் மட்டும் டிட்ஸி ஆகிவிடாது. பூக்கள் எல்லாத் திசையிலும் சிதறியிருக்க வேண்டும், துணியைத் தலைகீழாகத் திருப்பினாலும் வித்தியாசம் தெரியக் கூடாது. ஒரே வரிசையில் நிமிர்ந்து நிற்கும் சின்னப் பூ வேறு, அதைப் புட்டா என்றே எழுதுங்கள்.

இங்கே மையத்துக்கு மையம் அளப்பது வீண் வேலை, ஒவ்வொரு இடைவெளியும் ஒவ்வொரு மாதிரி. எண்ணுவதுதான் வழி. அட்டையில் 10 செ.மீ. சதுரச் சன்னல் ஒன்று வெட்டித் துணிமேல் வைத்துப் பூக்களை எண்ணுங்கள். விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட பூவை என்ன செய்வது என்று குழப்பம் வரும். மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் வெட்டுப்பட்டதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கீழும் வலதும் விட்டுவிடுங்கள். இப்படி மூன்று வெவ்வேறு இடத்தில் எண்ணுங்கள். 40, 42, 39 என்று வந்தால் "சதுரத்துக்குச் சுமார் 40 பூ, பூ 6 முதல் 12 மி.மீ." என்று எழுதலாம். 40, 42, 27 என்று வந்தால் டிசைனில் ஓட்டை இருக்கிறது, அதை அடுத்துத் தேட வேண்டும்.

ஓட்டை தனியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. ரிப்பீட் 16 செ.மீ. என்றால் அந்த ஓட்டையும் 16 செ.மீ.க்கு ஒரு தடவை வரும், பக்கத்திலும் வரும். மேசையில் வைத்துப் பார்க்கும்போது அழகான பூந்தோட்டம். தைத்து உடுத்தி மூன்று மீட்டர் தள்ளி நின்றால் பூக்களுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. பளிச்சென்ற ஒரு சிவப்புப் பூ மற்றதைவிடத் தூக்கலாக இருந்தாலும் இதே கதைதான், அது வரிசை கட்டி நிற்கும். கண்டுபிடிக்க, குறைந்தது ஒரு மீட்டர் துணியைக் கொடியில் தொங்கவிட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். போனில் படம் எடுத்து, படத்தை விரல்களால் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் தெரிந்துவிடும். கோடு தெரிந்தால் மறைக்காமல் "தூரத்தில் சாய்வு வரிசை தெரியும்" என்று விவரத்தில் எழுதிவிடுங்கள். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும்.

பொடிப்பூவில் இன்னொன்றையும் சேர்த்து எழுதுவேன், தூரத்து நிறம். கையில் வைத்துப் பார்த்தால் வெள்ளைத் தரையில் நீலமும் மஞ்சளும். தெரு முனையிலிருந்து பார்த்தால் எல்லாம் கலந்து வெளிறிய சாம்பல் சாயல். பூ எவ்வளவு சின்னதோ, எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு சீக்கிரம் கலக்கும். துப்பட்டாவுக்கு நிறம் பொருத்துபவர்களுக்கு இந்த ஒரு வரிதான் வேண்டும்.

சிறுத்தை, வரிப்புலி, வரிக்குதிரை

முதலில் பெயர்ச் சண்டையைத் தீர்ப்போம். கடையில் எல்லாமே "புலி டிசைன்" அல்லது "சீட்டா பிரின்ட்". தமிழிலும் சிறுத்தை என்ற சொல்லைப் பலர் லெப்பர்டுக்கும் சீட்டாவுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அச்சில் இவை வேறு வேறு. சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டாவுக்கு உள்ளே நிரம்பிய தனித்தனிக் கரும்புள்ளி. லெப்பர்டான சிறுத்தைக்கு உடைந்த வளையம், பூ இதழ் அடுக்கிய மாதிரி, உள்ளே தரையைவிட ஒரு சாயல் அழுத்தமான பழுப்பு. ஜாகுவாருக்கும் வளையம்தான், பெரிதாக இருக்கும், சிலவற்றின் உள்ளே சின்னப் புள்ளி இருக்கும். துணியில் ஒரு வளையத்தை உற்றுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். விற்பனைக்கு வருவதில் பெரும்பாலும் சிறுத்தைதான், பெயர் மட்டும் சீட்டா.

அளவை ஒற்றை எண்ணாக எழுத முடியாது. அதனால் எல்லையாக எழுதுங்கள்: "வளையம் 2 முதல் 4 செ.மீ., பெரும்பாலும் 3." இடைவெளியை வளையத்தோடு ஒப்பிட்டுச் சொல்லலாம்: "வளையங்களுக்கு நடுவில் அரை வளையம் அளவு தரை." தரை, வளையத்தின் உள்பக்கம், வெளிக்கோடு என்று மூன்று நிறத்தையும் தனித்தனியே எழுதுங்கள். உள்பக்க நிறமும் தரை நிறமும் ஒன்றாகவே இருந்தால் அச்சு தட்டையாக, கொஞ்சம் மலிவாகத் தெரியும். இது என் ரசனை என்று வைத்துக்கொண்டாலும் சரி.

ரிப்பீட் கண்டுபிடிப்பது இங்கேதான் கஷ்டம், எல்லா வளையமும் கண்ணுக்கு ஒரே மாதிரி. விசித்திரமான வடிவம் ஒன்றைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்த ஒரு துணியில் "ட" எழுத்து மாதிரி ஒரு வளையம் இருந்தது. அதற்குப் பொட்டு வைத்தேன், 64 செ.மீ. போன பிறகுதான் அடுத்த "ட" வந்தது. இது நல்ல அச்சு. 16 செ.மீ.யிலேயே "ட" வந்துவிட்டால் ஒரு குர்தாவின் நீளத்தில் ஆறு ஏழு "ட" ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மிருகத்தின் தோலில் அப்படி எதுவும் வரிசையாக வராது, அதனால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே ஏதோ சரியில்லை என்று படும். புள்ளியில் வரிசை தெரிந்தால்தான் அழகு, சிறுத்தையில் தெரிந்தால் கெட்டது.

இன்னொரு கேள்வி, இது துணி முழுக்கச் சீராகப் பரவியதா, தோல் அமைப்பா என்பது. தோல் அமைப்பில் நடு முதுகில் வளையங்கள் நெருங்கி, பக்கவாட்டில் போகப் போகச் சிறுத்துத் தரை வெளுக்கும். இது தையல்காரருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். முதுகுக் கோடு உடையின் நடுவில் விழ வேண்டும், பாதி பன்னா வீணாகும். வரிப்புலியிலும் வரிக்குதிரையிலும் கோடு நீளவாக்கில் ஓடுகிறதா பன்னாவாக்கில் ஓடுகிறதா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், பட்டையின் தடிப்பை இரண்டாவதில். பாம்புத்தோலுக்குச் செதிலின் அளவும் திசையும் போதும், அது கிட்டத்தட்ட இடைப்புள்ளிக் கணக்குத்தான்.

படம்

எழுதிய விவரத்தோடு மூன்று படம் வையுங்கள். ஒன்று, அட்டைச் சன்னல் வைத்த 10 செ.மீ. சதுரம், மூலையில் 10 ரூபாய் நாணயத்தோடு. இரண்டாவது, இரண்டு பொட்டும் தெரிகிற மாதிரி ஒரு முழு ரிப்பீட், பக்கத்தில் டேப். மூன்றாவது, மூன்று மீட்டர் தள்ளி நின்று, தொங்கும் துணி. போனைத் துணிக்கு நேர் மேலே தட்டையாகப் பிடிக்காவிட்டால் தூரத்துப் புள்ளிகள் சின்னதாகவும் கிட்டத்துப் புள்ளிகள் பெரியதாகவும் தெரியும். நேர்ப்புள்ளித் துணியே கோணின மாதிரி இருக்கும். நாணயம் முட்டை வடிவில் விழுந்திருந்தால் போன் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்ப எடுங்கள். அச்சுக்கு ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் எண்கள் துவைப்பதற்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்பதையும் எழுதிவிடுங்கள். முதல் துவைப்பில் 3 சதவீதம் சுருங்கும் காட்டனில் 64 செ.மீ. ரிப்பீட் 62 ஆகிவிடும். பட்டறையில் அந்த 62-ஐ வைத்து உருளை தேடிக்கொண்டிருப்பார்கள்.